சிலுவைப் போர்களின் நோக்கங்கள்: நான்காம் சிலுவைப் போர் (1202–1204)

சிலுவைப் போருக்குப் போனவர்கள் கடவுளுக்காகப் போனார்களா, நிலத்துக்கும் பணத்துக்கும் ஆசைப்பட்டுப் போனார்களா என்ற கேள்வி அந்தப் போர்களின் அளவுக்குப் பழமையானது. 1095 நவம்பரில் போப் இரண்டாம் அர்பன் பிரான்சின் கிளர்மோன் நகரில் கூட்டிய சங்கமே இந்த வேறுபாட்டைச் செய்தது. புகழுக்காகவோ பணத்துக்காகவோ அல்லாமல் பக்தியினால் மட்டும் எருசலேமை விடுவிக்கப் புறப்படுபவருக்கு அந்தப் பயணமே எல்லாப் பாவப் பரிகாரத்துக்கும் ஈடாகும் என்று அது விதித்தது. விதியில் இப்படி ஒரு நிபந்தனை வைக்க வேண்டியிருந்தது என்றால், வேறு நோக்கத்தோடு வருபவர்களும் இருப்பார்கள் என்பதைத் திருச்சபை தொடக்கத்திலேயே அறிந்திருந்தது.

முதல் சிலுவைப் போரைப் பொறுத்தவரை பேராசை விளக்கம் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. பங்கு கிடைக்காத இளைய மகன்கள் கிழக்கே நிலம் தேடிப் போனார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள் எழுதின. மடாலயங்களில் எஞ்சியிருக்கும் பத்திரங்களை ஜோனதன் ரைலி-ஸ்மித் போன்றோர் படித்த பிறகு இந்த விளக்கம் தளர்ந்தது. போருக்குப் போவதற்குப் பெரும் செலவானது. நார்மண்டிக் கோமகன் ராபர்ட் தன் நாட்டையே 10,000 மார்க் வெள்ளிக்குத் தம்பியான இங்கிலாந்து மன்னரிடம் அடகு வைத்தார். மூத்தவர்களும் சொத்துள்ளவர்களும் திரளாகப் போனார்கள். உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அதற்காகப் பேராசையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தெற்கு இத்தாலியிலிருந்து வந்த பொஹெமண்ட், 1098-இல் அந்தியோக்கியா வீழ்ந்ததும் அதைத் தமக்கென வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு எருசலேமுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆட்களைப் பக்தர், பேராசைக்காரர் என்று இரண்டாகப் பிரிப்பது அதிக தூரம் உதவாது. ஒவ்வொரு திருப்பத்திலும் எடுத்த முடிவு எது, அதை எடுத்தவர் யார், அப்போது அவர் கையில் இருந்த வழிகள் என்ன என்று பார்ப்பதே பயன் தரும். இந்த முறையைச் சோதித்துப் பார்க்க நான்காம் சிலுவைப் போரைவிடப் பொருத்தமான போர் இல்லை. எருசலேமை மீட்கப் புறப்பட்ட படை இரண்டு கிறிஸ்தவ நகரங்களைக் கைப்பற்றிவிட்டுக் கலைந்தது. ஒப்பந்தமும் கடன் கணக்கும் கடிதங்களும் இன்றுவரை கிடைப்பதால் ஒவ்வொரு முடிவையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க முடிகிறது.

நேர்ச்சையும் ஒப்பந்தமும்

தொடக்கம் சமயம் சார்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1198-இல் போப் மூன்றாம் இன்னசென்ட் அழைப்பு விடுத்தார். அதற்கு மறு ஆண்டு ஷாம்பெய்ன் பிரபு திபோவும் புளுவா பிரபு லூயியும் சிலுவை ஏற்றார்கள். அடுத்து ஃபிளாண்டர்ஸ் பிரபு பால்ட்வின் ஏற்றார். மூவரும் பெரும் செல்வர்கள், இளைஞர்கள். வீட்டை விட்டு ஓட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு எதுவும் இல்லை.

பொருளாதாரம் உள்ளே வந்தது கப்பல் வழியாக. 1201 ஏப்ரலில் இம்மூவரின் ஆறு தூதர்கள் வெனிஸுடன் ஒப்பந்தம் செய்தார்கள். 4,500 குதிரைவீரர்கள், 9,000 பணியாட்கள், 20,000 காலாட்படையினர், 4,500 குதிரைகள் ஆகியவற்றைக் கடல் கடத்தி, ஓராண்டு உணவும் தருவது வெனிஸின் பொறுப்பு. ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4 மார்க் என்ற விலையில் ஆட்களுக்கு 67,000, குதிரைகளுக்கு 18,000, ஆக மொத்தம் 85,000 மார்க். இதைத் தவிர வெனிஸ் தன் செலவில் 50 போர்க்கப்பல்களை அனுப்பும். கைப்பற்றுவதில் பாதி அதற்குச் சேரும்.

இந்த விலையை வைத்து வெனிஸைக் கொள்ளைக்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. 1190-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு ஜெனோவா போட்ட ஒப்பந்தத்தில் குதிரைவீரர் ஒருவருக்கு, இரண்டு பணியாளும் இரண்டு குதிரையும் சேர்த்து, 9 மார்க். வெனிஸில் அதே வீரருக்கு, இரண்டு பணியாளும் ஒரு குதிரையும் சேர்த்து, 10 மார்க். கொஞ்சம் கூடுதல்தான், அநியாயம் இல்லை. சிக்கலின் வேர், மொத்தத் தொகை முன்கூட்டியே முடிவானதில் இருந்தது. எத்தனை பேர் வந்தாலும் 85,000 தர வேண்டும். ஆனால் சிலுவை ஏற்ற எவரையும் வெனிஸுக்குத்தான் வரவேண்டும் என்று அந்தத் தூதர்களால் கட்டாயப்படுத்த முடியாது. பலர் மார்செய்ல் போன்ற துறைமுகங்களிலிருந்து தாமாகவே கப்பலேறினார்கள். 1202 கோடையில் வெனிஸில் கூடியவர்கள் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தலைவர்கள் தங்கள் வெள்ளிப் பாத்திரங்களைக்கூடக் கொடுத்த பிறகும் 34,000 மார்க் குறைந்தது. வணிகத்தை நிறுத்திவைத்துக் கப்பல் கட்டிய வெனிஸ் அந்த நட்டத்தை ஏற்றால் நகரமே தத்தளிக்கும்.

ஸாரா

வெனிஸின் ஆட்சித் தலைவர் என்ரிகோ டான்டொலோ, பார்வையிழந்த முதியவர், ஒரு வழி சொன்னார். ஏட்ரியாட்டிக் கரையில் உள்ள ஸாரா நகரம் வெனிஸின் பிடியிலிருந்து விலகி ஹங்கேரி மன்னரின் பாதுகாப்பில் இருந்தது. அதைப் பிடித்துக் கொடுத்தால் கடனைத் தள்ளிவைக்கலாம் என்றார். வெனிஸின் பக்கம் இது தெளிவான அரசியல், வணிக நோக்கம். தலைவர்களின் பக்கம் கணக்கு வேறு: மறுத்தால் படை கலையும், நேர்ச்சை நிறைவேறாமல் போகும், கட்டிய பணமும் திரும்ப வராது. நேர்ச்சையைக் காப்பாற்றவே நேர்ச்சைக்கு எதிரான காரியத்தைச் செய்தார்கள் என்பதே என் கணிப்பு.

அவர்கள் தெரியாமல் செய்யவில்லை. ஹங்கேரி மன்னரும் சிலுவை ஏற்றவர். நகரத்தாக்குதலைத் தடைசெய்த போப்பின் கடிதத்தை மடாதிபதி கீ படையின் முன் படித்துக் காட்டினார். உள்ளே இருந்தவர்கள் மதிலில் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். நகரம் நவம்பர் 24 அன்று பணிந்தது. சைமன் டி மான்ட்ஃபோர்ட் இந்தத் தாக்குதலில் சேர மறுத்து, பின்னர் படையை விட்டே விலகினார். அதே படை, அதே கடிதம், அதே கடன். அவர் முடிவு வேறு. கடன் தலைவர்களை நெருக்கியது உண்மை. ஆனால் வேறு வழியே இல்லை என்று அவர்கள் சார்பில் சொல்லும் வாதத்துக்கு அவர் எடுத்த முடிவே மறுப்பு.

கான்ஸ்டான்டிநோபிள்

ஸாராவில் குளிர்காலத்தைக் கழித்த படைக்கு ஒரு புதிய அழைப்பு வந்தது. பைசாந்தியப் பேரரசர் ஐசக்கை அவர் சகோதரர் குருடாக்கி அரியணையைப் பறித்திருந்தார். ஐசக்கின் மகன் அலெக்சியஸ், தன்னை அரியணையில் ஏற்றினால் 2,00,000 மார்க், ஓராண்டுக்கு 10,000 வீரர், புனித நாட்டில் தன் வாழ்நாள் முழுவதும் 500 குதிரைவீரர், கிரேக்கத் திருச்சபை ரோமுக்குப் பணிதல் ஆகியவற்றைத் தருவதாக வாக்களித்தார். கடனும் சிலுவைப் போரும் திருச்சபை ஒற்றுமையும் ஒரே பேரத்தில் அடங்கின. மூன்று விதமான மனிதர்களை ஒருங்கே இழுக்கும்படி அமைந்த வாக்குறுதி அது.

படையில் பலர் இதற்கு எளிதில் இணங்கவில்லை. கோர்ஃபு தீவில் படையின் பெரும்பகுதி பிரிந்துபோகத் துணிந்தபோது, தலைவர்கள் அவர்கள் காலில் விழுந்து அழுது கெஞ்சினார்கள். செப்டம்பர் இறுதி வரை இருப்போம், அதன்பின் கேட்ட பதினைந்து நாளில் சிரியாவுக்குக் கப்பல் தரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டே அவர்கள் சம்மதித்தார்கள். எருசலேம் என்பது வெறும் சாக்கு என்றால், பிரிந்துபோகத் துணிந்தவர்கள் இந்த வாக்கை வற்புறுத்தி வாங்கியிருக்க வேண்டியதில்லை.

1203 ஜூலையில் நகரம் தாக்கப்பட்டது, பேரரசர் ஓடினார், ஆகஸ்டில் அலெக்சியஸ் முடிசூடினார். அவரால் வாக்களித்ததில் ஏறத்தாழ பாதியைத்தான் தர முடிந்தது. கணக்கு ஏறத்தாழ இது: கிடைத்த 1,00,000-இல் பாதி ஒப்பந்தப்படி வெனிஸுக்கு, மீதியிலிருந்து பழைய கடன் 34,000-உம் வெனிஸுக்கு, சிலுவை வீரர்களுக்கு எஞ்சியது 16,000. கடன் தீர்ந்தது, ஆனால் மேலே போகப் பணமில்லை. பின்னர் அலெக்சியஸ் கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தருவார் என்று நம்ப இனி யாரும் இல்லை.

1204 மார்ச்சில் வெனிஸும் தலைவர்களும் இன்னும் பிடிக்காத பேரரசைப் பங்கு போட்டு எழுதிக்கொண்டார்கள். வரப்போகும் பேரரசருக்குக் கால் பங்கு. மீதி இருதரப்புக்கும் சரிபாதி. பேரரசரைத் தேர்வதற்குத் தரப்புக்கு ஆறு பேர். அரசியல் நோக்கம் இதைவிட வெளிப்படையாக ஒரு தாளில் அமைந்ததில்லை. ஆயினும் அந்தத் தாள் மட்டும் வீரர்களை மதிலேற வைக்கவில்லை. ஏப்ரல் 9 தாக்குதல் தோற்று, இது தங்கள் பாவத்தின் பலன் என்று பலர் கலங்கினார்கள். ஏப்ரல் 11, ஞாயிறன்று ஆயர்கள் போதித்தார்கள்: கிரேக்கர் தங்கள் பேரரசரைக் கொன்றவர்கள், ரோமைவிட்டுப் பிரிந்தவர்கள், அவர்களோடு செய்யும் போர் நேர்மையானது, இதில் சாகிறவர்களுக்குப் பாவமன்னிப்பு உண்டு. மறுநாள் நகரம் விழுந்தது. மூன்று நாள் கொள்ளை நடந்தது. தலைவர்கள் பேரத்தால் நகர்ந்தார்கள். படையை நகர்த்தத் தெய்வத்தின் பெயர் தேவைப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தப் போரின் மையமே இந்த இடைவெளிதான்.

இன்னசென்ட் வெற்றிச் செய்தி கேட்டு முதலில் திருச்சபைகள் ஒன்றாகும் என மகிழ்ந்தார். கொள்ளையின் விவரம் தெரிந்த பின், கூடவே தம் தூதர் பீட்டர் வீரர்களை எருசலேம் நேர்ச்சையிலிருந்து விடுவித்துவிட்டார் என்றும் அறிந்த பின், 1205-இல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ரோமின் உயர் நோக்கங்களுக்குள்ளேயும் சமயத்தையும் அதிகாரத்தையும் பிரிக்க முடியாது என்பது அவருடைய இரண்டு மனநிலைகளிலும் தெரிகிறது.

சதியா, சந்தர்ப்பமா

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் ஹோப்ஃப், படையின் முதல் இலக்காகத் திட்டமிட்டிருந்த எகிப்தைத் தாக்காமலிருக்க வெனிஸ் 1202-இலேயே எகிப்து சுல்தானோடு ரகசிய உடன்படிக்கை செய்ததாக எழுதினார். அவர் காட்டிய ஆவணத்தின் தேதி தவறு, அது பிந்தியது என்று கேப்ரியல் ஹானோட்டோ காட்டிய பின் அந்தச் சான்று விழுந்தது. இன்றைய ஆய்வாளர் பலர், கடன் ஒவ்வொரு திருப்பத்தையும் அடுத்ததற்குத் தள்ளியது என்று விளக்குகிறார்கள். இந்த விளக்கம் வலுவானது. ஆனால் இதைப் படிப்பவர்கள் அதன் முதன்மைச் சாட்சியான வில்ஹார்டுவானை எச்சரிக்கையோடு கையாள வேண்டும்: 1201-இல் ஒப்பந்தம் போட்ட ஆறு தூதர்களில் அவரும் ஒருவர். வந்த ஆட்கள் குறைந்ததற்கு வேறு துறைமுகம் போனவர்கள்மேல் அவர் பழி போடுகிறார். 33,500 பேர் என்ற மதிப்பீடே தவறு என்று எங்கும் சொல்வதில்லை.

அவருக்கு எதிர்த்தட்டில் நிற்பவர் பிகார்டியைச் சேர்ந்த ஏழைக் குதிரைவீரரான ராபர்ட் டி கிளாரி. மேல்மட்டப் பேச்சு எதுவும் அவர் காதுக்கு நேராக வரவில்லை. நகரம் விழுந்ததும் பெரிய பிரபுக்கள் நல்ல மாளிகைகளையெல்லாம் தங்களுக்கு எடுத்துக்கொண்டு ஏழை வீரர்களை ஏமாற்றினார்கள் என்று அவர் கசப்போடு பதிவு செய்கிறார். அரண்மனைத் தேவாலயத்தின் புனிதப் பொருட்களைப் பக்தியோடு வருணிப்பவரும் அவரே. ஊர் திரும்பியபோது, அங்கிருந்து கொண்டுவந்த திருப்பண்டங்களைக் கோர்பி மடாலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்.