முன்பணம்

தென்காசியில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் ‘அட்வான்ஸ்’ என்பதையே ஒப்பந்தப் பத்திரம் ‘முன்பணம்’ என்கிறது. முன் + பணம்: முன்னதாகக் கொடுப்பது. அதனால் பலரும் அதை முன்கூட்டிய வாடகை என்று எண்ணி, கடைசி மாதங்களில் கழித்துக்கொள்ளலாம் என நம்புகிறார்கள். உண்மையில் அது பிணைத்தொகை. பத்திரத்தில் சொல்லாமல் வாடகையில் கழிக்க முடியாது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்து மீதியைத் தர வேண்டும்.

‘அடுத்த ஆள் வந்ததும் திருப்பித் தரப்படும்’ என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள். குற்றாலத்தில் சீசன் முடிந்தபின் அந்த ஆள் எப்போது வருவார்?

முன்னறிவிப்பும் இதே பணத்தைத்தான் தொடும். வாடகை 5,000, முன்பணம் 15,000, அறிவிப்பு இரண்டு மாதம், குறைந்தால் அந்த நாள்களின் வாடகை பிடிக்கப்படும் என்று பத்திரம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஜூலை 1 அன்று சொல்லி 31 அன்று சாவி கொடுத்தால் ஒரு மாதம் குறைகிறது. கைக்கு வருவது 10,000. அறிவிப்பை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்பம் வாங்கிவையுங்கள்.