மைனர் சொத்தும் காப்பாளர் அதிகாரமும்: நெய்வேலி வட்டாரம்

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரின் சொத்தை அவருக்காக வைத்துப் பராமரிக்கும் பொறுப்பு காப்பாண்மை எனப்படும். பேச்சு வழக்கிலும் பத்திரங்களிலும் அவரை மைனர் என்றும், பொறுப்பேற்பவரைக் கார்டியன் என்றும் குறிப்பிடுவார்கள். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து இளமை மற்றும் காப்பாண்மைச் சட்டமும், நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளர்களுக்கு 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டமும் பொருந்தும். மைனர் எந்த நாளில் மேஜர் ஆகிறார் என்பதை 1875-ஆம் ஆண்டின் வயதடைவுச் சட்டம் முடிவு செய்கிறது.

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் இந்தச் சட்டங்களுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 1956-இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம், இன்றைய என்.எல்.சி. இந்தியா, திறந்தவெளிச் சுரங்கங்களை விரிவாக்கும்போதெல்லாம் சுற்றுக் கிராமங்களின் நிலம் எடுக்கப்படுகிறது. நகரியத்துக் குடியிருப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அவற்றில் பிள்ளைகளுக்கு உரிமை ஏதும் எழாது. சுற்றியுள்ள ஊர்களிலோ தாத்தா செட்டில்மென்ட் எழுதிவைத்த பேத்தியும், அப்பா பெயருக்கு வாங்காமல் மகன் பெயருக்கு வாங்கிய மனையும் உண்டு. அந்த நிலம் எடுக்கப்படும்போது பிள்ளையின் சொத்து மண்ணாக இருந்த நிலை மாறிப் பணமாகிவிடுகிறது. மண்ணை விற்கப் பத்திரம் வேண்டும், சாட்சி வேண்டும். பணம் கரைவதற்கு அவை எதுவும் தேவையில்லை.

இழப்பீட்டை யார் வாங்கலாம்?

அப்பா கையெழுத்துப் போட்டு மைனர் மகளின் இழப்பீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 3(ஜி) பிரிவில் ஒரு நிபந்தனை வைத்தது: தானாக முன்வந்து விற்பதாக இருந்தால் எவருக்கு அந்த நிலத்தை விற்று, விலையை வாங்கி, செல்லத்தக்க ரசீது தரும் தகுதி இருக்குமோ, அவர்தான் மைனருக்காக இழப்பீட்டை வாங்க முடியும். இந்துத் தந்தைக்கோ தாய்க்கோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தத் தகுதி கிடையாது. ஆகவே அவர்களுடைய கையெழுத்து மட்டும் போதாது.

அப்போது பணம் எங்கே போகும்? 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் 77-ஆம் பிரிவுப்படி, நிலத்தை விற்கத் தகுதியானவர் எவரும் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அந்தத் தொகையைச் சட்டம் அமைத்த ஆணையத்தில் செலுத்த வேண்டும். 78-ஆம் பிரிவுப்படி ஆணையம் அதைக் கொண்டு வேறு நிலம் வாங்க உத்தரவிடலாம். உடனே வாங்க முடியாவிட்டால் அரசுப் பத்திரங்களிலோ அங்கீகரித்த முதலீடுகளிலோ போட்டு வைக்கும். வட்டி அவ்வப்போது உரியவருக்குப் போகும். அசலோ, அதற்கு முழு உரிமை பெறும் ஒருவர் வந்து கேட்கும்வரை அங்கேயே இருக்கும். மைனர் பதினெட்டை எட்டும் நாளில் அந்த ஒருவர் அவரேதான். தமிழகத்தில் தொழில் நோக்கத்துக்கென 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் இருப்பதால், எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்பட்டது, தொகை எங்கே செலுத்தப்பட்டது என்பதை இழப்பீட்டுத் தீர்வாணையின் நகலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் இப்படி முடங்குவது பல குடும்பங்களுக்கு வருத்தத்தைத் தருகிறது. வீடு இழந்த நேரத்தில் அந்தத் தொகை கையில் இருந்தால் எத்தனையோ வேலை நடக்கும் என்பது உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தேவை என்று காட்டி மனுச் செய்தால் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கிடைக்கலாம். ஆனால் அந்தத் தேவை குடும்பத்தின் பொதுத் தேவையாக இருந்தால் போதாது. அது பிள்ளையின் தேவையாக இருக்க வேண்டும்.

இழப்பீடு போதாது என்று வழக்கு நடந்து தொகை கூடும்போதும் இதே கட்டுப்பாடு உண்டு. மைனருக்காக வழக்கு நடத்துபவர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளைப்படி, நீதிமன்றத்தின் அனுமதியின்றித் தீர்ப்புத் தொகையை வாங்கவும் முடியாது, சமரசம் செய்யவும் முடியாது.

காப்பாளரால் முடிவதும் முடியாததும்

1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். ‘அவருக்குப் பின்’ என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளில்லை, தந்தை பொறுப்பெடுக்காமல் விலகி இருக்கும் நிலையும் அதில் அடங்கும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சித்தப்பா, மாமா, பாட்டி ஆகியோர் பிள்ளையை வளர்த்தாலும் இயற்கைக் காப்பாளர் ஆவதில்லை. 11-ஆம் பிரிவுப்படி அவர்களால் பிள்ளையின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது.

இயற்கைக் காப்பாளர் நிலத்தைப் பயிரிடலாம், வரி கட்டலாம், வாடகை வாங்கலாம். விற்கவும், அடமானம் வைக்கவும், தானம் கொடுக்கவும், பரிவர்த்தனை செய்யவும் 8-ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும், பிள்ளை மேஜரான நாளிலிருந்து ஓராண்டைத் தாண்டிச் செல்லும் குத்தகைக்கும் இதுவே விதி. சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் மனுப்போட வேண்டும். மைனருக்கு அவசியம் அல்லது தெளிவான நன்மை இருந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். அனுமதி தரும்போது விற்ற பணத்தை மைனர் பெயரில் வங்கி வைப்பாகப் போட நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம்.

இவை மைனரின் தனிச் சொத்துக்கு உரியவை. பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் மைனருக்கு உள்ள பங்குக்கு 8-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே குடும்பத் தலைவர், குடும்பத் தேவைக்காக, அனுமதியில்லாமலே விற்க முடியும். முஸ்லிம் குடும்பங்களில் தாய் சொத்துக் காப்பாளர் ஆவதில்லை. தந்தையும் தந்தைவழித் தாத்தாவும் அவர்கள் உயிலில் நியமித்தவர்களும்தான் ஆவார்கள். தாய் வேண்டுமானால் நீதிமன்றத்தின் மூலம் நியமனம் பெறலாம்.

பதினெட்டாம் பிறந்தநாள்

பிறந்த நாளை ஒரு முழு நாளாகக் கணக்கிட்டு, பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே ஒருவர் மேஜர் ஆகிறார். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் இருபத்தொன்று வரை காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 1999-ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. இப்போது அனைவருக்கும் பதினெட்டுதான்.

அந்த நாளில் காப்பாளரின் அதிகாரம் தானாக முடிகிறது. உத்தரவு தேவையில்லை, அறிவிப்பும் தேவையில்லை. மறுநாள் தாய் போடும் கையெழுத்து மகனைக் கட்டுப்படுத்தாது. கணக்குக் கொடுக்கும் கடமை மட்டும் முடிவதில்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் நியமித்த காப்பாளர் கையிலிருக்கும் சொத்தையும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகே நீதிமன்றம் அவரை விடுவிக்கும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். 2008 மார்ச் 12-இல் பிறந்த ஒரு பெண். தந்தை இல்லை. தாத்தா செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்த இரண்டு ஏக்கரில் ஒரு ஏக்கர் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டு, இழப்பீடு செலுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மீதி ஒரு ஏக்கரில் பாதியை அம்மா 2021-இல் நீதிமன்ற அனுமதியின்றி விற்றார். மற்றப் பாதியை 2022 ஜூனில் ஐந்தாண்டுக் குத்தகைக்கு விட்டார்.

2026 மார்ச் 12 தொடங்கியதும் அந்தப் பெண் மேஜர். இழப்பீட்டுத் தொகையைக் கேட்டு இனி அவரே மனுப்போட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ் வயதைக் காட்டும். நிலுவையில் வழக்கு இருந்தால், தொடர்வதா கைவிடுவதா என்று தாமே முடிவு செய்து நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். பட்டாவில் தம் பெயருக்கு முன்னுள்ள மைனர், கார்டியன் குறிப்புகளை நீக்கத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்குக்குப் புதிய மாதிரிக் கையெழுத்தும் புதிய இயக்க ஆணையும் தர வேண்டும்.

குத்தகை ஐந்தாண்டைத் தாண்டவில்லை. ஆனால் 2027 ஜூன் வரை ஓடுகிறது. ஓராண்டு எல்லையோ 2027 மார்ச் 12-இலேயே முடிகிறது. எனவே அதற்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெறாததால் அதைத் தொடர்வதும் ரத்து செய்வதும் அந்தப் பெண்ணின் விருப்பம்.

விற்ற அரை ஏக்கரில்தான் சிக்கல். அனுமதியில்லாத அந்த விற்பனை தொடக்கத்திலிருந்தே செல்லாதது அன்று. அந்தப் பெண் ரத்து செய்யும்வரை செல்லும், ரத்து செய்தால் செல்லாது. பத்திரம் பதிவானதால் அந்தக் குறை தீர்ந்துவிடாது. ஆனால் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 60-ஆம் உறுப்பு, மேஜரான நாளிலிருந்து மூன்றாண்டு மட்டுமே தருகிறது. 2029 மார்ச் 12-க்குள் அவர் வழக்குப் போட வேண்டும். நிலத்தை மீட்டுத் தரும்படி மட்டும் கேட்டு, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்காமல் விட்டால் வழக்கு தோற்கும் என்று 2001-ஆம் ஆண்டின் விஷ்வம்பர் வழக்கும், தமிழகத்திலிருந்து சென்ற முருகன் எதிர் கேசவ கவுண்டர் வழக்கில் 2019-இல் வந்த தீர்ப்பும் வழிகாட்டுகின்றன. சிவப்பா எதிர் நீலம்மா வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சற்றே வழி திறந்தது: மேஜரானவர் அதே சொத்தைத் தாமே வேறொருவருக்கு விற்பது போன்ற ஐயமற்ற செயலாலும் பழைய விற்பனையை மறுக்கலாம். அதற்கும் காலவரையறை உண்டு. செயலால் மறுத்ததை நிரூபிப்பது கடினம் என்பதால், வழக்குப் போடுவதே பாதுகாப்பானது.

பிள்ளைகளில் பலர் இந்த மூன்றாண்டைக் கல்லூரியில் கழித்துவிட்டு, கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ வில்லங்கச் சான்றிதழ் எடுக்கும்போதுதான் விற்பனையை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். விற்றவர் பெற்ற தாய் என்பதால் கேட்கத் தயங்குவதும் உண்டு. பணம் உண்மையிலேயே பிள்ளையின் படிப்புக்குச் செலவாகியிருந்தால் விற்பனையை ஏற்றுக்கொள்வதே நியாயம் என்று முடிவெடுக்கலாம். அந்த முடிவைத் தெரிந்து எடுக்க வேண்டும். பதினெட்டு முடிந்ததும் தம் பெயரில் இருந்த எல்லா சர்வே எண்களுக்கும் பிறந்த ஆண்டிலிருந்து வில்லங்கச் சான்றிதழும், நிலம் எடுக்கப்பட்டிருந்தால் தீர்வாணையின் நகலும் எடுத்துப் பாருங்கள். இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குப் பிறகு கண்டுபிடித்தால் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது.