மெஷ் வாங்கும் முன் வீட்டை ஒரு சுற்று நடங்க

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட வீடு என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் முன்ஹாலில் இருக்கு. பின்னறையில் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று ஓடுது. உடனே மெஷ் யூனிட் வாங்கக் கிளம்பாதீங்க.

ஆண்ட்ராய்டில் இலவச WiFi Analyzer போதும். ஐபோனில் AirPort Utility; அதன் Wi-Fi Scanner-ஐ செட்டிங்ஸில் ஆன் பண்ணணும். ஒரு தாளில் அறைகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறிங்க. எண் மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -67 dBm வரை வீடியோ தாங்கும், -80 என்றால் தடுமாறும்.

ஹாலில் -45, நடு அறையில் -62, பின்னறையில் -82 வருதா? பலர் புது யூனிட்டைப் பின்னறையில்தான் வைக்கிறாங்க. அங்கே அதற்கே சிக்னல் எட்டாது. நடு அறைதான் சரியான இடம். அதற்கும் முன் ரவுட்டரையே அங்கே நகர்த்தி, மறுபடி அளந்து பாருங்க. சிம் போடும் ரவுட்டர் என்றால் கவனம்: ஜன்னலை விட்டு நகர்ந்தால் டவர் சிக்னல் குறையலாம்.

ரவுட்டர் பக்கத்தில் -40 காட்டியும் வேகம் இல்லையா? அப்போ கோளாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பில். அதை எந்த மெஷ்ஷும் சரிசெய்யாது.