போன் பூட்டியிருந்தாலும் ஓடிபி தெரியுதா? லாக் ஸ்கிரீனில் மறைப்பது எப்படி?

ஓமந்தூரில் இருந்து திண்டிவனத்துக்கு வேலைக்கு வரும் ஒருவர், கடையில் போனை சார்ஜில் போட்டுவிட்டு சாப்பிடப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போன் பூட்டித்தான் இருக்கிறது, பேட்டர்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் நம்பர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனில் வாட்ஸ்அப்பை புதிதாக நிறுவி அந்த நம்பரை டைப் செய்கிறார். சார்ஜில் கிடக்கும் போனின் திரை ஒளிர்கிறது. வந்த எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்க எண் அப்படியே தெரிகிறது. அவ்வளவுதான், வாட்ஸ்அப் கை மாறிவிட்டது.

இதில் போனை யாரும் திறக்கவே இல்லை, தொடக்கூட இல்லை. பூட்டு போட்ட வீட்டின் வாசலில் சாவியை தொங்கவிட்ட கதைதான்.

வாட்ஸ்அப்பை உதாரணமாகச் சொல்ல காரணம் இருக்கு. கூகுள் பே, போன்பே போன்ற யுபிஐ ஆப்கள் உங்கள் சிம் இருக்கும் போனில் இருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவாகும். அதனால் ஓடிபியை எட்டிப் பார்ப்பவரால் மட்டும் யுபிஐ கணக்கை தன் போனில் திறந்துவிட முடியாது. வாட்ஸ்அப்புக்கு நம்பரும் ஓடிபியும் போதும். டெபிட் கார்டும் இதேபோல ஆபத்துதான். கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம் எல்லாமே அட்டையிலேயே அச்சாகி இருப்பதால், பர்ஸும் போனும் ஒரே மேஜையில் கிடந்தால் ஆன்லைனில் பொருள் வாங்க மீதி தேவைப்படுவது ஓடிபி மட்டும்தான்.

ஆண்ட்ராய்டில் எப்படி மறைப்பது?

முதலில் பின் அல்லது பேட்டர்ன் பூட்டு இருக்க வேண்டும். வெறுமனே மேலே தள்ளினால் திறக்கும் போனில் மறைத்தும் பயனில்லை. பிறகு Settings-ல் Notifications உள்ளே போய், லாக் ஸ்கிரீன் தொடர்பான பகுதியைத் தேடுங்கள். பல போன்களில் Sensitive notifications என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை ஆஃப் செய்ய வேண்டும். சாம்சங்கில் Lock screen notifications என்பதற்குள் Hide content என்று வரும், அதை ஆன் செய்ய வேண்டும். ஒன்றில் ஆஃப், இன்னொன்றில் ஆன் என்பதால் குழப்பம் சகஜம். கம்பெனிக்கு கம்பெனி பெயரும் மாறும். கிடைக்கவில்லை என்றால் Settings-ன் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் lock screen என்று டைப் செய்தால் வந்துவிடும்.

ஐபோனில் Settings, Notifications, Show Previews என்று போய் When Unlocked தேர்வு செய்தால் போதும். ஃபேஸ் ஐடி உள்ள மாடல்களில் பொதுவாக இதுவே ஏற்கெனவே இருக்கும். ஹோம் பட்டன் உள்ள பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள்தான் அவசியம் பார்க்க வேண்டும்.

மாற்றிய கையோடு சோதித்துப் பாருங்கள். போனைப் பூட்டிவிட்டு, வீட்டில் ஒருவரை ஏதாவது நாலு எண்களை எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். செய்தி வந்திருக்கு என்று மட்டும் காட்டி, எண்கள் தெரியாமல் இருந்தால் சரியாகிவிட்டது. எண்கள் தெரிந்தால், நம்பகமான இடத்தில் போன் திறந்தே இருக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை அப்படிச் சேர்த்திருந்தால், வீட்டுக்குள் இந்த மறைப்பு வேலை செய்யாமல் போகலாம். கையில் ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் அதிலும் ஓடிபி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

மறைத்தாலும் தப்பும் வழிகள்

வாட்ஸ்அப் ஓடிபியை போன் கால் மூலமும் கேட்டு வாங்கலாம். பூட்டிய போனிலும் அழைப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், குரல் எண்ணைச் சொல்லிவிடும். இதற்கு வாட்ஸ்அப்பின் Settings-ல் Account போய் Two-step verification-ல் ஆறு இலக்க பின் வைப்பதுதான் தடுப்பு. ஓடிபி கிடைத்தாலும் அந்த பின் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது.

இன்னொன்று சிம். போனைத் திருடி சிம்மை கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். சிம்முக்கே பின் போட்டு பூட்டலாம். ஆனால் மூன்று முறை தவறாக அடித்தால் சிம் முடங்கி, பியூகே எண் கேட்கும். அதனால் சிம்மின் தற்போதைய பின் எது என்று நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

ஏற்கெனவே கை மாறிவிட்டதா?

இந்த போனில் உங்கள் எண் இனி பதிவில் இல்லை என்று வாட்ஸ்அப் காட்டினால் அதுதான் அறிகுறி. உடனே அதே நம்பரை உங்கள் போனில் மீண்டும் பதிவு செய்து ஓடிபியை அடியுங்கள், எதிராளி வெளியேற்றப்படுவார். அவர் பின் வைத்துவிட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனாலும் அவர் வெளியேதான் இருப்பார். அதற்குள் உறவினர்களுக்கு போன் போட்டு, என் பெயரில் பணம் கேட்டால் அனுப்பாதீங்க என்று சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.