பத்தி நடை மாற்றம்

நாளிதழ்ச் செய்திக்கட்டுரையின் தகவலை மாற்றாமல், வார இதழ்ப் பத்தியின் பேச்சுநடையில் திருப்பி எழுதுதல். வராக நதிக்கரை ஜெயமங்கலத்துக்கு எட்டும் செய்தி ஒன்றை மாதிரியாகக் கொள்ளலாம்: “சோத்துப்பாறை அணை முழுக்கொள்ளளவான 126.28 அடியை எட்டியதையடுத்து, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு அதிகாரிகள் அறிவுறுத்தியுள்ளனர்.” பத்தியில் இது, “சோத்துப்பாறை நிரம்பிவிட்டது, 126.28 அடி! ஜெயமங்கலத்துக்காரர்களே, ஆத்துப்பக்கம் பார்த்துப் போங்க, அதிகாரிகளும் அதைத்தான் சொல்கிறார்கள்” என்றாகும். நீண்ட வாக்கியம் உடைகிறது, வாசகர் நேரே விளிக்கப்படுகிறார். “ஆத்துல வெள்ளம் வந்துருச்சு” என்று எழுதினால் தவறு. எச்சரிக்கை அங்கே நடந்த சம்பவமாகிவிடுகிறது. “அதிகாரிகள்” என்ற சொல் விடுபட்டாலும் அறிவுரை எழுத்தாளருடையதாகிவிடும். பிழைகள் எண்ணில் மட்டுமல்ல, இப்படி வினைச்சொல்லிலும் சொன்னவரிலும் நேர்கின்றன. எனவே மூலத்தின் எண், பெயர், சொன்னவர், வினைமுற்று நான்கையும் அடிக்கோடிட்டு, புதிய பிரதியோடு ஒப்பிட வேண்டும்.