வரியிடைக் குறிப்பு

வேற்றுமொழித் தொடரொன்றை எழுதி, அதன் கீழ்வரியில் ஒவ்வோர் உறுப்புக்கும் நேராகப் பொருளையும் இலக்கணப் பணியையும் தருவது வரியிடைக் குறிப்பு. ஃபிரான்ஸ் போவாஸ் 1894இல் வெளியிட்ட சினூக் கதைகளில் குறிப்பு சொல் அளவிலேயே நின்றது. நீண்ட சொல்லுக்குள் எந்தத் துண்டு எப்பொருளைத் தருகிறது என்பதை வாசகர் அதிலிருந்து அறிய முடியாது. 1982இல் கிறிஸ்டியன் லேமன் உருபன்வாரியாகக் குறிக்கும் நெறிகளை வகுத்தார். பின்னர் காம்ரி, ஹாஸ்பெல்மாத், பிக்கெல் மூவரும் தொகுத்த பத்து லைப்சிக் விதிகள் இன்று பொதுவழக்காகிவிட்டன. மேல்வரியில் எத்தனை சிறுகோடோ கீழ்வரியிலும் அத்தனை இருக்க வேண்டும் என்பது அவற்றின் அச்சாணி.

ஒரு சொல்லே முழுவாக்கியமாக நிற்கும் மொழிகளில்தான் இந்த விதிக்குச் சோதனை. அலாஸ்காவின் யூபிக் மொழியில் மொழியியலார் அடிக்கடி காட்டும் சொல் இது:

```
tuntussuqatarniksaitengqiggtuq
tuntu-ssur-qatar-ni-ksaite-ngqiggte-uq
துருவமான்-வேட்டையாடு-எதிர்-சொல்-இன்னும்.இல்லை-மீண்டும்-3.ஒருமை:அறிவிப்பு
```

துருவமானை வேட்டையாடப் போவதாக அவன் இன்னும் மறுபடி சொல்லவில்லை என்பது பொருள். பேச்சில் ஒலிப்பது முதல் வரி; இரண்டாவது, பகுப்பாய்வில் கிடைக்கும் வடிவம். இரண்டாம் உருபனின் இறுதி மெய்யும் ஆறாவதன் இறுதி உயிரும் புணர்ச்சியில் கெட்டுவிட்டன. முதல் வரியிலேயே கோடு போட்டால் ஒலியோ உருபனோ ஒன்று பொய்யாகும். ஆகவே ஒலித்த வடிவம், பகுத்த வடிவம், குறிப்பு, பெயர்ப்பு என நான்கு வரிகள் தேவை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. "நடந்தான்" என்பதை நட + த்(ந்) + த் + ஆன் எனப் பிரித்து, 'ந்' ஆனது விகாரம் என்று தனியே சொல்லும் நம் பகுபத உறுப்பிலக்கணமும் ஒலித்த வடிவத்தையும் பகுத்த வடிவத்தையும் கலப்பதில்லை.

நல்ல மொழிபெயர்ப்பு இருக்கும்போது வாசகரை இப்படிக் குறிகளில் அலைக்கழிப்பானேன் என்று கேட்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பு தன் போக்கில் சிலவற்றை முடிவுசெய்துவிடுகிறது. மேலே உள்ள பெயர்ப்பில் "மறுபடி" சொல்லுதலைச் சார்ந்து நிற்கிறது. யூபிக் சொல்லிலோ அது "இன்னும் இல்லை" என்பதற்கும் பின்னால் வருகிறது. ஆண்பால் பெண்பால் வேறுபாடு அங்கே இல்லை. "அவன்" என்றது தமிழின் தேவை. இவ்விரண்டையும் வாசகர் கண்டுபிடிப்பது குறிப்புவரியில்தான்.

எதுவரை வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. கடைசி உருபனான uq என்பதை அறிவிப்பு வினைமுறை காட்டும் u, படர்க்கை ஒருமை காட்டும் q என இன்னும் பிரிக்கலாம். பிரிக்க முடிந்தும் பிரிக்காமல் விட்டதைச் சொல்லவே லைப்சிக் விதிகள் முக்காற்புள்ளியை அனுமதிக்கின்றன; ஓர் உருபனுக்குள் பிரியாத இரு பொருளுக்குப் புள்ளி. எல்லாவற்றையும் நுணுக்கி வெட்டுவது துல்லியம்போலத் தோன்றினாலும், கட்டுரையின் வாதம் வினைமுறையைப் பற்றியதல்ல என்றால் அது வீண்பளு. இரண்டாம் உருபனுக்கு "வேட்டையாடு" என்று வினைச்சொல்லையே தந்திருப்பதிலும் ஓர் இடர் உண்டு: அது தனித்து நிற்காத ஒட்டு, வேர்ச்சொல் அன்று. குறிப்புவரியில் அதைக் காட்ட இடமில்லாததால், எடுத்துக்காட்டைத் தரும் எழுத்தாளர் உடன்வரும் உரையில் ஒரு வாக்கியமாவது ஒதுக்கி அதைச் சொல்லிவிட வேண்டும்.