நாற்பத்தைந்து பாகையின் காரணம்: எறிபொருளின் நெடுக்கமும் உயரமும் குறித்து

தரையிலிருந்து எறியப்பட்டு அதே மட்டத்தில் வந்து விழும் பொருள், 45 பாகைக் கோணத்தில் எறியப்படும்போது மிகத் தொலைவு செல்கிறது என்பது பள்ளி இயற்பியலின் பழகிப்போன முடிவுகளுள் ஒன்று. நெடுக்கத்திற்கான வாய்பாட்டில் எறிகோணத்தின் இருமடங்குக்குரிய சைன் மதிப்பு இடம்பெறுகிறது, சைன் 90 பாகையில் உச்சத்தை எட்டுகிறது, ஆகவே விடை 45 என்று இரண்டே வரிகளில் அது நிறுவப்பட்டு விடுகிறது. நிறுவலில் பிழை இல்லை. ஆனால் எந்தப் பௌதிகக் காரணத்தால் அந்தக் கோணம் சிறக்கிறது, எந்த நிபந்தனை மாறினால் அது சிறப்பிழக்கும் என்ற இரு வினாக்களுக்கும் அந்தச் சைன் சார்பிடம் விடை கிடைப்பதில்லை. திசைவேகத்தின் இரு கூறுகளையும் இறுதிவரை தனித்தனியே கையில் வைத்திருந்தால் அவ்விரு வினாக்களுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எறிபொருள் என்பது, கையையோ குழலையோ விட்டு நீங்கிய பின் புவியீர்ப்பு ஒன்றற்கு மட்டுமே உட்பட்டு இயங்கும் பொருள். காற்றின் தடை இப்போதைக்குப் புறக்கணிக்கப்படுகிறது. அதன் தொடக்கத் திசைவேகம் u, கிடைத்தளத்தோடு உண்டாக்கும் எறிகோணம் θ எனில், அத்திசைவேகத்தைக் கிடைத்தளக் கூறு, செங்குத்துக் கூறு என இரண்டாகப் பகுக்கலாம்:

uₓ = u cos θ, u_y = u sin θ

ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே செயல்படுவதால் கிடைத்தளக் கூறு பயணம் முழுவதும் மாறாமல் இருக்கிறது. செங்குத்துக் கூறு மட்டும் ஒவ்வொரு நொடியும் 9.8 மீ/வி அளவு குறைந்து, உச்சியில் சுழியாகி, பின் கீழ்நோக்கி வளர்கிறது. இவ்விரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்ற கருத்தின் மேல்தான், 1638இல் லைடன் நகரில் வெளியான தம் நூலில், கலீலியோ எறிபொருளின் பாதை பரவளையம் என்று நிறுவினார். மிகுந்த தொலைவுக்கு 45 பாகையே உரியது என்று இத்தாலியக் கணிதவியலாளர் டார்டாக்லியா 1537இலேயே எழுதியிருந்தார். ஆயினும் பாதையை நேர்கோட்டுத் துண்டுகளும் வட்டவில்லும் சேர்ந்ததாக அவர் கொண்டிருந்தமையால், விடை சரியாக இருந்தும் அதற்கான காரணம் அவரிடம் இல்லை.

உயரத்தைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. செங்குத்துக் கூறு சுழியாகும் கணத்தில் பொருள் உச்சியில் இருக்கிறது; அதற்கு ஆகும் நேரம் u_y/g, அதற்குள் அது ஏறும் பெரும உயரம் H = u_y²/2g. கிடைத்தளக் கூறு இதில் தலையிடுவதே இல்லை. ஆகவே உயரம் மட்டுமே நோக்கமானால், நேராக மேலே எறிவதற்கு ஈடான வழி வேறில்லை.

கிடைத்தள நெடுக்கம், அதாவது எறிந்த இடத்திலிருந்து விழுந்த இடம் வரையிலான தொலைவு, அவ்வாறு ஒரே கூறின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. பொருள் காற்றில் இருக்கும் நேரத்தை நிர்ணயிப்பது செங்குத்துக் கூறு. அந்நேரத்தில் ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை நிர்ணயிப்பது கிடைத்தளக் கூறு. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமாதலால் பறக்கும் நேரம் 2u_y/g ஆகிறது, எனவே

R = 2 uₓ u_y / g

நெடுக்கம் இரு கூறுகளின் பெருக்கற்பலன் என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. எறிபவரின் ஆற்றல் u என்ற மொத்த வேகத்தை மட்டுமே வரையறுக்கிறது. அதை இரு கூறுகளுக்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதே கோணத்தைத் தேர்வதன் பொருள். uₓ² + u_y² = u² என்ற பிதாகரஸ் உறவைப் பயன்படுத்தி மேற்கண்ட வாய்பாட்டை இப்படியும் எழுதலாம்:

R = [u² − (uₓ − u_y)²] / g

இவ்வடிவம் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. ஆனால் சைன் வடிவத்தைவிட இதுவே அதிகம் சொல்கிறது. அடைய முடிந்த உச்ச நெடுக்கம் u²/g; அதிலிருந்து கழிவது இரு கூறுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் வர்க்கம். வர்க்கம் எதிர்க்குறி பெறாது. ஆகவே வேறுபாடு சுழியாகும்போது, அதாவது இரு கூறுகளும் சமமாகும் 45 பாகையில், கழிவு ஏதுமில்லை.

20 மீ/வி வேகத்தில் எறியப்படும் பொருளை எடுத்துக்கொண்டால், 45 பாகையில் நெடுக்கம் 40.8 மீட்டர், பெரும உயரம் 10.2 மீட்டர். 30 பாகையில் கிடைத்தளக் கூறு 17.32, செங்குத்துக் கூறு 10; வேறுபாடு 7.32, அதன் வர்க்கம் ஏறத்தாழ 53.6, அதை 9.8ஆல் வகுத்தால் வரும் 5.5 மீட்டரே இழப்பு, நெடுக்கம் 35.3 மீட்டருக்குச் சற்று மேல். 60 பாகையில் இரு கூறுகளும் இடம் மாறிக்கொள்கின்றன. வேறுபாட்டின் அளவு மாறாததால் நெடுக்கமும் மாறுவதில்லை. கூட்டுத்தொகை 90 பாகையாகும் நிரப்புக் கோணங்கள் ஒரே நெடுக்கத்தைத் தருவதன் காரணம் இவ்வளவே. உயரங்களோ வேறு: முன்னதில் 5.1 மீட்டர், பின்னதில் 15.3 மீட்டர். கோணம் சற்றுப் பிசகினால் பெரிய நட்டம் இல்லை என்பதும் இதே வாய்பாட்டிலிருந்து புலனாகிறது. 45க்குப் பதில் 40 பாகையில் எறிந்தால் இழப்பு சுமார் 62 சென்டிமீட்டர்தான், ஏனெனில் சிறிய வேறுபாட்டின் வர்க்கம் மேலும் சிறியது.

இனி இரண்டாவது வினாவுக்கு வரலாம். குண்டு எறிதலில் ஆடவர் எறியும் இரும்புக் குண்டின் எடை 7.26 கிலோகிராம், அவ்வளவு கனமான சிறு பொருளின் மேல் காற்றின் தடை புறக்கணிக்கத்தக்கது. ஆனால் குண்டு கையை விட்டு நீங்குவது தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில்; அது விழுவதோ தரையில். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்ற நிபந்தனை இங்கே முறிகிறது. அந்த 2 மீட்டர் வீழ்ச்சி, செங்குத்துக் கூறின் செலவில்லாமலே பறக்கும் நேரத்தைச் சிறிது கூட்டித் தருகிறது. நேரத்தின் ஒரு பகுதி இவ்வாறு இலவசமாகக் கிடைத்துவிட்டால், வேகத்தில் அதிகப் பங்கைக் கிடைத்தளக் கூறுக்குக் கொடுப்பதே லாபம். எனவே உகந்த கோணம் 45 பாகையிலிருந்து இறங்க வேண்டும்.

எவ்வளவு இறங்கும் என்பதைக் கணிக்க, தொடக்கத் திசைவேகத்தையும் தரையைத் தொடும் கணத்தின் திசைவேகத்தையும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படும் இரு அம்புக்குறிகளாக வரைந்து, அவற்றின் முனைகளை இணைக்கலாம். ஈர்ப்பு மாற்றுவது செங்குத்துக் கூறை மட்டுமே என்பதால் இணைக்கும் கோடு செங்குத்தானது. அதன் நீளம் g, பறக்கும் நேரம் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். எதிர்முனையிலிருந்து அக்கோட்டுக்கு உள்ள தூரம் uₓ. ஆகவே அம்முக்கோணத்தின் பரப்பு gR/2 ஆகிறது: பரப்பு பெரிதானால் நெடுக்கமும் பெரிதாகும். விழும் வேகம் v, ஆற்றல் மாறா விதியின்படி, எறியும் வேகத்தையும் உயரத்தையும் மட்டுமே சார்ந்தது, கோணத்தைச் சார்ந்ததன்று. ஆக, நீளம் மாறாத இரு பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தின் பரப்பு எப்போது மிகப் பெரிதாகும் என்ற எளிய வினாவாகச் சிக்கல் சுருங்குகிறது. அப்பக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்போது என்பதே விடை; அதிலிருந்து tan θ = u/v, நெடுக்கம் uv/g ஆகியன கிடைக்கின்றன. சமதளத்தில் எறியும் வேகமும் விழும் வேகமும் ஒன்றே என்பதால் tan θ = 1 ஆகி 45 பாகை தானாக வந்து நிற்கிறது. அந்த எண் ஒரு பொது விதியின் சிறப்பு நிலையே.

குண்டு 13 மீ/வி வேகத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து எறியப்பட்டால், விழும் வேகம் 14.43 மீ/வி; உகந்த கோணம் 42 பாகை; நெடுக்கம் 19.14 மீட்டர். அதே வேகத்தில் 45 பாகையில் எறிந்தால் 19.05 மீட்டர். வித்தியாசம் 9 சென்டிமீட்டர் அளவே. போட்டியில் அது பதக்கத்தைத் தீர்மானிக்கலாம் என்றாலும், கோணம் மூன்று பாகை மாறியதற்கு இது சிறிய தொகைதான்.

ஆயினும் தேர்ந்த வீரர்கள் 42 பாகையிலும் எறிவதில்லை. அவர்களுடைய கோணம் பெரும்பாலும் 40 பாகைக்கும் கீழே அமைகிறது. இதைப் பயிற்சிக் குறை என்று கருதுவது தவறு. இதுவரையிலான கணிப்புகள் அனைத்தும் கோணம் மாறினாலும் வேகம் மாறாது என்று கொண்டன. மனித உடலுக்கு அது பொருந்தாது. குண்டை மேல்நோக்கித் தள்ளுகையில் வீரரின் விசையில் ஒரு பங்கு குண்டின் எடையைத் தாங்குவதிலேயே செலவாகிறது. தோளும் மார்புத் தசைகளும் முன்னோக்கித் தள்ளும்போது தரும் விசையை மேல்நோக்கித் தருவதுமில்லை. எனவே கோணம் உயர உயர வேகம் குறைகிறது. எடுத்துக்காட்டாக, 37 பாகைக்கு இறங்குவதால் வேகம் 13இலிருந்து 13.2 மீ/வி ஆக உயர்வதாகக் கொள்வோம். வேகம் கூடாதிருந்தால் நெடுக்கம் 18.90 மீட்டராகக் குறைந்திருக்கும், கூடியதால் 19.43 மீட்டராகிறது. 42 பாகையில் கிடைத்ததைவிட இது ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் அதிகம். நெடுக்கம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதாலும், உகந்த கோணத்தின் அருகே கோணப் பிசகு மிகக் குறைந்த இழப்பையே தருவதாலும், கோணத்தை விட்டுக்கொடுத்து வேகத்தைப் பெறும் பேரம் எறிபவருக்கு லாபமாக முடிகிறது. களத்தில் வீரர்களின் கோணத்தை அளந்து, அதை 45க்கு உயர்த்தச் சொல்லும் அறிவுரை இக்காரணத்தால் தீங்கானது.

காற்று குறுக்கிடும் இடங்களில் எந்த எளிய வாய்பாடும் செல்லாது. லேசான பந்துக்குக் காற்றுத்தடை கிடைத்தள வேகத்தை வழியிலேயே தின்றுவிடுவதால், நீண்ட நேரம் காற்றில் மிதப்பது பயனற்றதாகி, உகந்த கோணம் 45க்குக் கீழே இறங்குகிறது. 1918இல் ஜெர்மானியர் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸ் நகரைச் சுட்ட பீரங்கியிலோ இது தலைகீழாயிற்று: அடர்ந்த கீழ்க்காற்றை விரைவில் கடந்து, அடர்த்தி குன்றிய மேல் வளிமண்டலத்தில் பயணத்தின் பெரும்பகுதியைக் கழிப்பதற்காக, அதன் குழல் 45 பாகையைவிட உயர்த்தி, 50 பாகை அளவில் நிறுத்தப்பட்டது. ஆகவே தேர்வுத்தாளில் 45 பாகை என்று எழுதும் மாணவர், சமமட்டம், காற்றின்மை, கோணத்தைச் சாராத வேகம் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் உடன் எழுதினாலன்றி அவ்விடைக்கு முழு மதிப்பெண் தருதல் முறையன்று.